கவுண்டரில் பதிந்த பெயரும் திரும்பி வந்த கிளெய்மும்: மருத்துவமனை நிர்வாகப் பணிக்கான ரெஸ்யூம் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

வாசகர் கடிதம்:

“150 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நோயாளி பதிவு கவுண்டர், அடுத்த மூன்று ஆண்டுகள் பில்லிங், கடைசி இரண்டு ஆண்டுகளாக இன்சூரன்ஸ் டெஸ்க். தரச்சான்று ஆய்வு நடந்த ஆண்டில் அந்த வேலைகளிலும் உதவினேன். நியமனக் கடிதத்தில் என் பதவி ‘பில்லிங் எக்ஸிகியூட்டிவ்’. ஆனால் எங்கள் உதவி மேலாளர் விலகிய பிறகு எட்டு மாதங்கள் அவர் வேலையை நான்தான் பார்த்தேன். இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன், ஓர் அழைப்பும் வரவில்லை.

கவுண்டர் வேலையை எடுத்துவிடு, உதவி மேலாளர் என்று போடு, கிளெய்ம் ஒப்புதல் 95 சதவீதம் என்று எழுது, மருத்துவமனைக்குத் தரச்சான்று வாங்கித் தந்ததாகச் சொல் என்கிறாள் தோழி. நான் முடித்த சில கிளெய்ம்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை, பெயரை மறைத்துவிட்டு, சான்றாக இணைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

திரும்பி வந்த கிளெய்ம்களை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். ஆறு மாதங்களில் அனுப்பிய 1,240 முன் அனுமதிக் கோரிக்கைகளில் 186 திரும்பின. அதில் 71 பெயரோ பிறந்த தேதியோ பாலிசி எண்ணோ பொருந்தாதவை. பிறகு, அடையாள அட்டையையும் பாலிசி அட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பின்னரே பதிவைச் சேமிக்க வேண்டும் என்று கவுண்டரில் மாற்றச் சொன்னேன். அடுத்த ஆறு மாதங்களில் 1,310-இல் 92 திரும்பின, பொருந்தாதவை 14. இது ரெஸ்யூமில் எழுதும் அளவுக்குப் பெரிய விஷயமா? என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்.”

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களையும் முதலில் படித்தேன், கடிதத்தைப் பிறகு படித்தேன். கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வரும்வரை நீங்கள் என்ன செய்யக்கூடியவர் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. நோயாளி பதிவைக் கையாண்டேன், பில்லிங்கைக் கையாண்டேன், கிளெய்ம்களைக் கையாண்டேன், தரச்சான்றுப் பணிகளில் பங்கேற்றேன் என்று ரெஸ்யூம் போகிறது. ‘கையாண்டேன்’ என்ற சொல் மட்டும் பதினொரு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அதே வரிகளை உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் ஓர் எழுத்து மாறாமல் தன் ரெஸ்யூமில் போட்டுக்கொள்ளலாம், யாரும் பொய் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு அழைப்பு வராததற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாக மருத்துவமனை நிர்வாகப் பணிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டு ஒன்றில் இந்த நடையில் எழுதப்பட்டவை பாதிக்கு மேல் இருக்கும், அவற்றில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வழி இருக்காது.

நோட்டில் நீங்கள் குறித்து வைத்திருப்பதை இன்னொருவர் எழுத முடியாது. அது பெரிய விஷயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அதை எழுதுவதற்கு முன் அந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை நீங்களே ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் தோழி நீக்கச் சொன்ன கவுண்டரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கவுண்டர் அனுபவத்தை நீக்காதீர்கள்

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் மட்டுமே வேலை செய்தவர்களுக்கு ஒரு கிளெய்ம் ஏன் திரும்பியது என்று தெரியும். அந்தப் பிழை எந்த மேசையில், எந்த நிமிடத்தில் பிறந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. நீங்கள் இரண்டு இடத்திலும் உட்கார்ந்தவர். ஒரு நோயாளி அவசரத்தில் வருகிறார், உடன் வந்தவர் “வயசு நாற்பத்தைந்து இருக்கும்” என்கிறார், கவுண்டரில் இருப்பவர் வயது என்ற கட்டத்தில் 45 என்று மட்டும் அடிக்கிறார். பல பதிவு மென்பொருள்கள் அந்த இடத்தில் ஒரு பிறந்த தேதியைத் தாமாகவே கணக்கிட்டுக்கொள்ளும். அன்றைய தேதியையே 45 ஆண்டு பின்னுக்குத் தள்ளி வைப்பவை உண்டு, அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று வைப்பவையும் உண்டு. திரையில் அது உண்மையான பிறந்த தேதியைப் போலவே தெரியும். மூன்று ஆண்டு கழித்து அதே நபர் அறுவை சிகிச்சைக்கு வரும்போது பழைய எண்ணே எடுக்கப்படுகிறது, அந்தக் கற்பனைத் தேதி முன் அனுமதிக் கோரிக்கையில் போய் உட்காருகிறது, காப்பீட்டு நிறுவனத்தின் பதிவோடு பொருந்தாமல் திரும்பி வருகிறது. உங்கள் நோட்டில் இருக்கும் 71-இல் ஜனவரி 1 தேதிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கணிசமாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

பெயரிலும் இதே கதைதான். பாலிசியில் முதலெழுத்து விரித்து எழுதப்பட்டிருக்கும், மருத்துவமனைப் பதிவில் ஒற்றை எழுத்தாக இருக்கும், அடையாள அட்டையில் அது பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆள் ஒருவர்தான், ஆனால் மூன்று தாளில் மூன்று பெயர். இதைவிட மோசமானது, பழைய பதிவு கண்ணில் படாததால் அதே ஆளுக்கு இரண்டாவது நோயாளி எண் கொடுத்துவிடுவது. அப்போது பில் ஒரு எண்ணிலும் பரிசோதனை முடிவு மற்றொரு எண்ணிலும் நின்றுவிடும். ஒவ்வாமை பற்றிய குறிப்பு எந்த எண்ணில் இருக்கிறதோ அதைத் திறக்காத மருத்துவருக்கு அது தெரியவே வராது. இதற்கு நேர்மாறாக, ஒத்த பெயர் கொண்ட இருவரின் விவரங்கள் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவது இன்னும் ஆபத்தானது, பிரித்தெடுப்பதும் கடினம். உங்கள் ரெஸ்யூமின் மூன்றாம் பக்கத்தில், “டூப்ளிகேட் பதிவுகளை இணைத்தேன்” என்று மூன்று சொற்களில் ஒன்றைக் கடந்து போயிருக்கிறீர்கள். இணைப்பதற்கான அனுமதி உங்களுக்கு இருந்ததா, அல்லது நீங்கள் பட்டியல் கொடுத்து மருத்துவ ஆவணப் பிரிவு இணைத்ததா? எந்தெந்த விவரங்கள் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முடிவு செய்தீர்கள்? அந்த மூன்று சொற்களுக்குப் பதில் இந்த இரண்டு கேள்விகளின் விடையும் ஒரே வாக்கியமாக அங்கே இருக்க வேண்டும்.

மென்பொருளின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பக்கத்தில் பெட்டி போட்டு ஆறு மென்பொருள்களை அடுக்கியிருக்கிறீர்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை மென்பொருள் மாறும், புதிய இடத்தில் எப்படியும் கற்றுத்தான் ஆக வேண்டும். அவற்றை ஒரே வரியில் கீழே போடுங்கள், எந்தப் பகுதியில் என்ன அனுமதியோடு வேலை செய்தீர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவைத் திருத்தும் அனுமதி, பில்லை ரத்து செய்யும் அனுமதி, அறிக்கை எடுக்கும் அனுமதி ஆகியவை தனித்தனியானவை. எது உங்களிடம் இருந்தது என்பது உங்கள்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கையின் அளவையும் சொல்லிவிடும்.

15 சதவீதம் 7 ஆனது முழுக்க உங்கள் கணக்கா?

இப்போது எண்களுக்கு வருவோம். 1,240-இல் 186 என்பது சரியாக 15 சதவீதம். 1,310-இல் 92 என்பது ஏறத்தாழ 7 சதவீதம். “திரும்பி வரும் கோரிக்கைகளைப் பாதிக்கு மேல் குறைத்தேன்” என்று எழுதக் கை துடிக்கும், கணக்கும் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் எழுதாதீர்கள்.

காரணம் உங்கள் ரெஸ்யூமிலேயே இருக்கிறது. முன் அனுமதிப் படிவத்தில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி அதே ஆறு மாதங்களில் மாற்றி அமைக்கப்பட்டதாக இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்தது மருத்துவ ஆவணப் பிரிவு. விவரம் பொருந்தாதவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முதல் ஆறு மாதங்களில் மற்ற காரணங்களால் திரும்பியவை 115, அடுத்த ஆறு மாதங்களில் 78. அதாவது 9 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது 6 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. நோயின் காலம் எழுதப்படவில்லை, முன்பிருந்த நோய் பற்றிய விவரம் இல்லை, செலவு மதிப்பீடு பிரித்துக் காட்டப்படவில்லை என்பன போன்ற கேள்விகள் இந்த வகையில்தான் வரும். அவை குறைந்ததற்குப் புதிய படிவம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் உங்கள் பங்கு இருந்தாலும் அதைப் பிரித்துக் காட்ட உங்களிடம் எதுவும் இல்லை.

உங்கள் மாற்றத்தோடு நேரடியாகத் தொடர்புடையது 71-க்கும் 14-க்கும் இடையிலான வித்தியாசம். சதவீதத்தில் சொன்னால், அனுப்பியவற்றில் 5.7 சதவீதமாக இருந்த விவரப் பொருத்தமின்மை 1.1 சதவீதமாகியிருக்கிறது. மொத்தத்தைக் காட்டுவதைவிட இந்தச் சிறிய எண்ணைக் காட்டுவதுதான் உங்களுக்கு நல்லது. நேர்காணலில் “வேறு என்ன மாறியது?” என்பது அனுபவமுள்ள எவரும் கேட்கும் முதல் கேள்வி. மொத்த எண்ணை எழுதியவர் அங்கே தடுமாறுவார். பிரித்து எழுதியவர் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்.

உங்கள் முதல் பக்கத்தில் இருக்கும் வரி இது:

“காப்பீட்டுக் கிளெய்ம்கள், முன் அனுமதி, குவரி பதில்கள் உள்ளிட்ட அனைத்துப் பணிகளையும் திறம்படக் கையாண்டேன்.”

இதன் இடத்தில் வர வேண்டியதை, உங்கள் கடிதத்தில் இருக்கும் செய்திகளை மட்டும் கொண்டு, நான் இப்படி எழுதுவேன்:

“முன் அனுமதிக் கோரிக்கைகள் திரும்பி வந்ததற்கான காரணங்களை ஆறு மாதங்கள் வகைப்படுத்திப் பதிவு செய்தேன். பத்தில் ஏறத்தாழ நான்கு, பெயரோ பிறந்த தேதியோ பாலிசி எண்ணோ பொருந்தாததால் திரும்பியவை என்று கண்டேன். அடையாள அட்டையையும் பாலிசி அட்டையையும் ஒப்பிட்ட பின்னரே பதிவைச் சேமிக்கும் முறையை முன்மொழிந்தேன், கவுண்டர் அதை நடைமுறைப்படுத்தியது. அடுத்த ஆறு மாதங்களில் இந்தக் காரணத்தால் திரும்பியவை 5.7 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாகக் குறைந்தன.”

71-ஐ 186-ஆல் வகுத்தால் 38 சதவீதம் வரும், அதைத்தான் பத்தில் நான்கு என்றேன். ‘முன்மொழிந்தேன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மாற்றச் சொன்னது நீங்கள், ஒவ்வொரு நாளும் அட்டைகளை வாங்கிப் பார்த்தது கவுண்டர் ஊழியர்கள். அந்த ஒரு சொல் இரண்டையும் சரியான இடத்தில் வைக்கிறது.

‘ஒப்புதல் 95 சதவீதம்’ என்று எழுதினால்

தோழி சொன்ன இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது உண்மையாகவே இருந்தாலும் அப்படியே எழுதுவதற்கு இல்லை. ஒருமுறை நேர்காணலில் ஒருவர் 98 சதவீதம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். “எதில் 98?” என்று மட்டும் கேட்டேன். முன் அனுமதி கிடைத்தவையா, இறுதிப் பில்லுக்கு ஒப்புதல் கிடைத்தவையா, பணம் வந்து சேர்ந்தவையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் திறமையற்றவர் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அதன் பிறகு ரெஸ்யூமின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிக்க முடிந்தது.

கோரிக்கை திரும்பி வருவதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒரே சொல்லால் எழுதுவது உங்கள் ரெஸ்யூமில் உள்ள பெரிய குறை. கூடுதல் விவரம் கேட்டு வருவது குவரி, பதில் போனால் கோப்பு தொடர்ந்து நகரும். அடிப்படை விவரம் பொருந்தாமல், பரிசீலனைக்கே எடுக்கப்படாமல் திரும்புவது ஒன்று, அதைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். பரிசீலித்த பிறகு, பாலிசியில் இதற்கு இடமில்லை என்று மறுப்பது இன்னொன்று, அதற்கு மேல்முறையீடுதான் வழி. இவை தவிர, ஒப்புதல் கொடுத்துவிட்டு இறுதித் தொகையில் கழித்துக்கொள்வதும் இருக்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கோப்புகள் ஒப்புதல் பெற்றவையாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி கழிக்கப்பட்டிருந்தால், தொகைக் கணக்கில் மருத்துவமனை கணிசமாக இழந்திருக்கும். நிதிப் பிரிவிலிருந்து நேர்காணலுக்கு வருபவர் இந்த இரண்டாவது கணக்கைத்தான் கேட்பார். ஆகவே கோப்பு எண்ணிக்கையா தொகையா, எந்தக் கட்டம், எத்தனை மாதம் என்ற மூன்றும் இல்லாமல் எந்தச் சதவீதத்தையும் எழுத வேண்டாம்.

பில்லிங்கில் செலவிட்ட மூன்று ஆண்டுகளை நான் சுருக்கவே சொல்வேன். தினசரி பில் போட்டதை எல்லாரும் செய்திருப்பார்கள். உங்கள் குறிப்பில் எனக்குத் தனித்துப் பட்டது, ரத்தான பில்களையும் திருப்பிக் கொடுத்த முன்பணத்தையும் ஒவ்வொரு நாளும் சரிபார்த்தீர்கள் என்பது. பணம் வாங்கியவரே ரத்தும் செய்ய முடிந்தால் அந்த இடத்தில் பணம் காணாமல் போக வழி இருக்கிறது. எனவே ரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது வேறொருவர், சரிபார்த்தது நீங்கள் என்ற பிரிவினையை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் நாளில் மருந்தகத் திருப்பம், பரிசோதனைக் கட்டணம், வார்டு அனுமதி எல்லாம் முடிந்து இறுதிப் பில் வருவதில் ஏற்படும் தாமதத்தை நீங்கள் கவனித்திருந்தால், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை அளந்தீர்கள் என்பதோடு சேர்த்து அதையும் எழுதலாம். அளக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தரச்சான்றை யாரும் தனியாக வாங்கித் தருவதில்லை

தோழியின் யோசனைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தரச்சான்று நிறுவனத்துக்குக் கிடைப்பது. அதன் பின்னால் மருத்துவர்கள், செவிலியர், மருந்தகம், தொற்றுக் கட்டுப்பாடு, கட்டடப் பராமரிப்பு என்று எல்லாரும் இருக்கிறார்கள். பில்லிங் எக்ஸிகியூட்டிவ் ஒருவர் அதை வாங்கித் தந்தேன் என்று எழுதினால், ஆய்வு எப்படி நடக்கும் என்று தெரிந்த எவரும் அந்தத் தாளை அங்கேயே வைத்துவிடுவார். ‘உதவினேன்’ என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் எதில் உதவினீர்கள் என்பது அதில் இல்லை.

அதைக் கண்டுபிடிக்க, ஆய்வாளர் என்ன செய்வார் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜேசிஐ போன்ற தரச்சான்று அமைப்புகளின் ஆய்வில் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவர் பதிவான இடத்திலிருந்து டிஸ்சார்ஜ் வரை அவருடைய பாதையைத் தொடர்ந்து செல்லும் முறை உண்டு. வழியில் நிற்கும் ஊழியர்களிடமே கேட்பார்கள், மேலாளர் பதில் சொல்ல முடியாது. அந்த அமைப்பின் நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் முதலாவது, நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது. குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், அறை எண்ணை அடையாளமாகப் பயன்படுத்தக் கூடாது. இப்போது உங்கள் கவுண்டர் மாற்றத்தை மீண்டும் பாருங்கள். கிளெய்ம் திரும்பக் கூடாது என்பதற்காக நீங்கள் செய்தது, தரச்சான்றின் அந்த அடிப்படைக்கும் நேராகப் போய்ச் சேர்கிறது. இந்தத் தொடர்பை உங்கள் ரெஸ்யூம் சொல்லவே இல்லை. பதிவு ஒரு பக்கத்திலும் தரச்சான்று இன்னொரு பக்கத்திலும் ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன.

நீங்கள் இணைத்த தாளில் இருந்து, தரச்சான்று ஆண்டில் நீங்கள் செய்தவை என்று எனக்குத் தெரிவது மூன்று. பதிவு, பில்லிங் ஆகிய இரண்டுக்கும் செயல்முறை ஆவணத்தின் முதல் வரைவை எழுதினீர்கள். பழைய படிவங்கள் புழக்கத்தில் தங்கிவிடாதபடி பதிப்பு எண் போட்டுத் திரும்ப வாங்கினீர்கள். ஆய்வுக்கு முந்தைய ஒத்திகையில் உங்கள் பிரிவில் சுட்டிக்காட்டப்பட்ட குறைகளுக்குத் திருத்த நடவடிக்கைகளை எழுதி முடித்து வைத்தீர்கள். இந்த மூன்றையும் இப்படியே எழுதினால் போதும். இறுதியில் மருத்துவமனைக்குச் சான்று கிடைத்தது என்பதைத் தனி வாக்கியமாக, மருத்துவமனையை எழுவாயாக வைத்துச் சொல்லுங்கள். குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, என்ன குறை, ஏன் வந்தது, என்ன மாற்றினீர்கள், மீண்டும் வரவில்லை என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று நேர்காணலுக்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது” என்று முடித்துவிடுவது இந்தத் துறையில் எல்லாரும் செய்வது. அடுத்த மாதம் எத்தனை கோப்புகளை எடுத்து மறுபடி பார்த்தீர்கள் என்பதுதான் கேட்கப்படும்.

பதவிப் பெயர், ஸ்கிரீன்ஷாட், நோட்டு

பதவியை நியமனக் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். பணியில் சேரும்முன் முந்தைய நிறுவனத்திடம் விவரம் சரிபார்க்கும் வழக்கம் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது, மனிதவளப் பிரிவு பதவிப் பெயரையும் தேதிகளையும்தான் உறுதிப்படுத்தும். அங்கே ஒன்றும் உங்கள் தாளில் ஒன்றும் இருந்தால், நீங்கள் உண்மையாகச் செய்த எட்டு மாத வேலையும் சேர்ந்து பொய்யாகிவிடும். சேர்ந்த பிறகு தெரியவந்தால் வேலையே போகலாம். அந்த எட்டு மாதங்களைப் பதவிக்குக் கீழே பொறுப்பாக எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு: “உதவி மேலாளர் பதவி காலியாக இருந்த எட்டு மாதங்கள் அவருடைய பொறுப்புகளையும் சேர்த்துக் கவனித்தேன்.” எத்தனை பேரின் பணிப்பட்டியலை அமைத்தீர்கள், எதில் கையொப்பமிட்டீர்கள் என்பதையும் சேர்க்கலாம். அப்போது வந்த மின்னஞ்சல் உத்தரவோ சுற்றறிக்கையோ இருந்தால், விலகும்முன் அனுபவச் சான்றிதழில் அதைக் குறிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள். தருவார்களா என்பது அவர்கள் விருப்பம், ஆனால் கேட்டவர்களுக்கே கிடைக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைக்கவே கூடாது. பெயரை மறைத்தால் போதும் என்பது தவறான எண்ணம். வயது, அனுமதித்த தேதி, நோயின் பெயர், மருத்துவரின் பெயர் ஆகிய நான்கும் சேர்ந்தால், அந்த ஊரில் இருக்கும் உறவினருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். கிளெய்ம் எண் ஒன்றே போதும், அதை அணுகக்கூடிய எவரும் ஆளைக் கண்டுபிடிக்க. அதோடு, அந்தத் திரையில் உங்கள் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்புக்கொண்ட கட்டண விகிதமும் தெரியக்கூடும், அது நிறுவனத்தின் ரகசியம். இவற்றையெல்லாம் தாண்டி இன்னொன்று: பழைய இடத்தின் நோயாளி விவரத்தை எடுத்துக்கொண்டு வந்தவர் நாளை நம்முடையதையும் எடுத்துக்கொண்டு போவார் என்றுதான் புதிய நிறுவனம் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

நோட்டைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் எண்ணிக்கையும் காரணமும் மட்டும் இருக்கின்றனவா, அல்லது நோயாளிகளின் பெயர், எண் ஆகியவையும் இருக்கின்றனவா? பின்னது என்றால் அந்தப் பக்கங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. காரணவாரியான எண்ணிக்கையை மட்டும் தனியே எழுதிக்கொண்டு, நோட்டை அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள் அல்லது அங்கே உள்ள முறைப்படி அழிக்கச் செய்யுங்கள். மாதந்தோறும் எத்தனை கோரிக்கைகள் போகின்றன என்பதைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்று கருதும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் பணி ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். மேலே நான் எழுதிக் காட்டிய வரியில் 1,240, 1,310 ஆகிய எண்களைத் தவிர்த்து விகிதங்களை மட்டும் வைத்தது அதற்காகத்தான்.

எந்த வேலைக்கு இந்தத் தாள்?

இருபது இடங்களுக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றில் சில இன்சூரன்ஸ் டெஸ்க் மேற்பார்வையாளர் பணி, சில தரப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் பணி. என் கருத்தில் முதலாவதுக்கு நீங்கள் வலுவான ஆள். இரண்டாவதில் செவிலியப் பின்னணி உள்ளவர்களும் தரமேலாண்மை படித்தவர்களும் உங்களோடு போட்டியிடுவார்கள். ஒரே ஓர் ஆய்வுச் சுற்றில், இரண்டு பிரிவுகளின் ஆவணங்களில் பணியாற்றிய அனுபவம் அங்கே குறைவாகத்தான் தெரியும். தரப் பிரிவுதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், இப்போதுள்ள மருத்துவமனையிலேயே உள் தணிக்கைக் குழுவில் இடம் கேட்டு, அடுத்த சுற்றில் உங்கள் பிரிவல்லாத ஒரு பிரிவையும் தணிக்கை செய்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது. அதற்கு ஓராண்டுக்குமேல் ஆகலாம்.

காப்பீட்டுப் பணி என்றால் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு பக்கங்கள் போதும். இன்சூரன்ஸ் டெஸ்க் முதலில் வரட்டும், அதன் முதல் வரியாக நோட்டிலிருந்து எடுத்த அந்தச் செய்தி இருக்கட்டும். அடுத்து எட்டு மாதப் பொறுப்பு, பிறகு பில்லிங்கில் நான் சொன்ன இரண்டு செய்திகள், பிறகு கவுண்டர், தரச்சான்றுப் பணி மூன்று வாக்கியங்கள், கடைசியில் மென்பொருள். முகப்பில் இருக்கும் ‘குறிக்கோள்’ பத்தியை எடுத்துவிடுங்கள், அதை யாரும் படிப்பதில்லை. நோய்க் குறியீடுகளில் நீங்கள் வேலை செய்திருந்தால் ஐசிடி-10 என்று குறிப்பிடுங்கள். ஆனால் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தது நீங்களா, குறியீட்டாளர் போட்டதை நீங்கள் சரிபார்த்தீர்களா என்று பிரித்து எழுதுங்கள், இரண்டும் வெவ்வேறு திறமை.

அனுப்புவதற்கு முன் 14 என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். அட்டைகளை ஒப்பிட்ட பிறகும் பதினான்கு கோரிக்கைகள் ஏன் திரும்பின? இரவுப் பணியில் பதிந்தவையா, அவசரப் பிரிவில் அட்டை இல்லாமல் வந்தவர்களா, பாலிசியிலேயே பெயர் தவறாக இருந்ததா? நான் நேர்காணல் செய்தால் 71-ஐப் பற்றிக் கேட்க மாட்டேன், இதைத்தான் கேட்பேன்.